பேராக்கில் வைப்பு ஏணியும் விலைவாசியும்: வரி கழித்தபின் மிஞ்சியது என்ன?

நிரந்தர வைப்பு விலைவாசியை வென்றதா என்று கேட்கும்போது வட்டி விகிதம், வரி, பணவீக்கம் ஆகிய மூன்றையும் பார்க்கிறோம். பேராக்கைப் பொறுத்தவரை இவற்றில் வரிக்கே மிகக் குறைந்த பங்கு. தேதிதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவில் தனிநபரின் வைப்பு வட்டிக்கு 5% வரி பிடிக்கப்பட்டு வந்தது. சில வகை வைப்புகளுக்கு விலக்கும் இருந்தது. 2008 ஆகஸ்ட் 30 முதல் உரிமம் பெற்ற வங்கிகளில் தனிநபர் பெறும் வட்டிக்கு வரியே இல்லை. ஆகவே 'வரிக்குப் பின்' என்ற கணக்கைச் சோதிக்க இந்த மாற்றத்தை ஒட்டிய ஆண்டே பொருத்தமானது. அதே ஆண்டில்தான் விலைவாசியும் துள்ளியது. ஜூன் 5 அன்று பெட்ரோல் லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஏறியது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஈப்போ புந்தோங்கில் குடியேறிய ஒருவர், ஊழியர் சேமநிதிப் பணத்தில் 30,000 வெள்ளியை மூன்றாகப் பிரித்துப் பன்னிரண்டு மாதத் தவணைகளாகப் போடுகிறார். அவை 2008 ஆகஸ்ட், டிசம்பர், 2009 ஏப்ரல் என நான்கு மாத இடைவெளியில் முதிர்கின்றன. இதுவே ஏணி. அப்போதைய வட்டி ஏறத்தாழ 3.7%.

2008ஆம் ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 5.4%. பலரும் 3.7இலிருந்து 5.4ஐக் கழித்து, 1.7% நட்டம் என்று முடித்துவிடுகிறார்கள். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது சிறியது: கழிக்கக் கூடாது, 1.037ஐ 1.054ஆல் வகுக்க வேண்டும். இரண்டாவது பெரியது: ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரி எந்தப் படியின் காலத்தோடும் பொருந்துவதில்லை. வைப்புச் சான்றிதழில் போட்ட தேதியும் முதிர்வுத் தேதியும் அச்சாகியிருக்கும். அந்த இரு மாதங்களின் பயனீட்டாளர் விலைக் குறியீட்டைத்தான் ஒப்பிட வேண்டும். பன்னிரண்டு மாதத் தவணைக்கு இது எளிது. முதிரும் மாதத்துக்குப் புள்ளிவிவரத் துறை அறிவிக்கும் ஆண்டுப் பணவீக்கமே போதும்.

அப்படிப் பார்த்தால் 2008 ஆகஸ்டில் பணவீக்கம் 8.5%. முதல் படியின் 10,000 வெள்ளி, வாங்கும் சக்தியில் 442 வெள்ளி இழந்தது. டிசம்பரில் பணவீக்கம் 4.4%, இழப்பு 67 வெள்ளி. 2009 ஏப்ரலில் 3.0%, அங்கே 68 வெள்ளி ஆதாயம். மொத்தத்தில் 441 வெள்ளி இழப்பு. மூன்று படிகளுக்கும் 5% வரி முழுதாகப் பிடிக்கப்பட்டதாக வைத்துக்கொண்டாலும் இழப்பு 494 வெள்ளிதான். வரியின் பங்கு 53 வெள்ளி. முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலோ 510 வெள்ளி வித்தியாசம். அதை உண்டாக்கியது எட்டு மாத இடைவெளி.

கதை அதோடு முடியவில்லை. முதல் படியை அதே ஆகஸ்டில், அதே 3.7 விகிதத்தில் புதுப்பித்திருந்தால் 2009 ஆகஸ்டில் அது முதிர்ந்திருக்கும். எண்ணெய் விலை இறங்கிவிட்டதால் அம்மாதப் பணவீக்கம் −2.4%. ஆகவே அந்த ஓராண்டின் உண்மை ஆதாயம் 6.3%. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால், மிக மோசமாகத் தெரிந்த படி 1.5% முன்னேறியிருக்கிறது. ஆனால் 2009 ஏப்ரலில் புதுப்பிக்க வந்த மூன்றாம் படிக்கு, பேங்க் நெகாரா தன் கொள்கை விகிதத்தை 2 விழுக்காட்டுக்கு இறக்கிவிட்டதால், பழைய வட்டி கிடைக்கவில்லை. ஏணி செய்வது இதுதான்: நல்ல விகிதத்தையும் கெட்ட விகிதத்தையும் கலந்து தருகிறது. விலை பாயும் ஆண்டை அது தாண்டிவிடாது, ஏனென்றால் எல்லாப் படிகளும் பழைய வட்டியில் பூட்டப்பட்டிருக்கும்.

இடையில் பணம் தேவைப்பட்டால் கணக்கே மாறும். 2019 முதல், முதிர்வுக்கு முன் எடுக்கும் வைப்புக்கு வட்டி கிடையாது. ஒரே பெரிய வைப்பாகப் போட்டவர் முழு வட்டியையும் இழக்கும் ஆபத்து உண்டு. ஏணி போட்டவருக்கு ஒரு படியின் வட்டி மட்டுமே போகும். என் பார்வையில் ஏணியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் நிலை வேறு. 30% வரம்பில் இருப்பவருக்கு 7% வட்டி, மேல்வரியைச் சேர்க்காமலே, 4.9 ஆகச் சுருங்கும். அங்கே வரியே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம். தமிழக நிதி ஆலோசனையை ஈப்போவில் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

குறியீட்டுக்கும் எல்லை உண்டு. 2022இல் பொதுப் பணவீக்கம் 3.3%, உணவுக்கு 5.8%. ஓய்வூதியமில்லாத முன்னாள் தோட்டத் தொழிலாளியின் செலவில் அரிசியும் மீனும் காய்கறியும் பெரும்பங்கு வகிப்பதால், அவருக்குப் பொதுக் குறியீடு காட்டுவதைவிட இழப்பு கூடுதல். 2021இல் போட்டு 2022இல் முதிர்ந்த வைப்புக்கு வட்டி பெரும்பாலும் 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்தப் படிகள் இந்த இரு அளவுகளில் எதை வைத்துப் பார்த்தாலும் தோற்றவையே; அதில் வரிக்குப் பங்கே இல்லை.