இரண்டு மெஷின், ஒரே எண்

கும்மிடிப்பூண்டி ஆய்வகத்தில் எங்களிடம் இரண்டு கேஸ் குரோமட்டோகிராப் இருந்தன. எலுமிச்சை எண்ணெயின் லிமோனீன், உதாரணமாக, ஒன்றில் 10.75 நிமிடத்தில் வரும், மற்றதில் 8.6. இரண்டும் ஒரே பொருள்தான் என்று எப்படிச் சொல்வது?

1958-ல் கோவாட்ஸ் வழி காட்டினார். ஆல்கேன்கள்தான் மைல்கற்கள்: பத்து கார்பன் உள்ள டெக்கேன் 1000, அன்டெக்கேன் 1100. ஆனால் அவருடைய மடக்கைக் கணக்கு, அடுப்பு ஒரே வெப்பத்தில் இருந்தால்தான் பொருந்தும். வெப்பத்தைச் சீராக ஏற்றினால் ஆல்கேன்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் வரும். அதனால் 1963-ல் வான் டென் டூலும் கிராட்சும் நேர்விகிதமே போதும் என்றார்கள்.

முதல் மெஷினில் டெக்கேன் 10, அன்டெக்கேன் 12.5 நிமிடம். 0.75-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.30, ஆக 1030. அடுத்ததில் 8, 10 நிமிடம், அதிலும் 1030.

குழாயின் உட்பூச்சு மட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மெழுகுப் பூச்சில் லிமோனீன் 1200-ஐ ஒட்டிப் போய்விடும்.