கோவொர்க்கிங் இடத் திட்டமிடல்: இருக்கை விலையும் குத்தகைக் காலமும்

கோவொர்க்கிங் இடம் என்பது ஒரு கட்டடத்தைப் பல ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மேசை, இணையம், கூட்ட அறை ஆகியவற்றோடு இருக்கை இருக்கையாக மாத வாடகைக்கு விடும் தொழில். உரிமையாளருக்கு நடத்துநர் தரும் வாக்கு ஐந்து ஆண்டோ பதினைந்து ஆண்டோ நீள்கிறது. இருக்கைக்காரர் நடத்துநருக்குத் தரும் வாக்கு பெரும்பாலும் ஒரு மாதம்தான். இந்த இடைவெளியை யார் தாங்குவது என்பதே இத்தொழிலின் வரலாறு நெடுகிலும் தொடரும் கேள்வி. இருக்கை விலை, இடம் நிரம்பும் வேகம், சமூக நிகழ்ச்சிகள் மூன்றையும் அதற்கு விடை தேடும் கருவிகளாகவே பார்க்க வேண்டும். அவற்றைத் தனித்தனியே கணக்கிட்ட திட்டங்கள் தாளில் லாபம் காட்டிவிட்டு நடைமுறையில் விழுந்திருக்கின்றன.

2005 ஆகஸ்டில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருளாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்பைரல் மியூஸ் என்னும் இல்லத்தில் தொடங்கிய இடமே, இன்றைய பொருளில் முதல் கோவொர்க்கிங் இடமாகக் கருதப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த இடத்தைப் பயன்படுத்த மாதம் 300 டாலர் கொடுத்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அந்த முயற்சி முறிந்துவிடவில்லை. நீண்ட கடப்பாடு ஏதும் இல்லாததால் காலி நாற்காலிகளின் இழப்பு மிகச் சிறியது. அடுத்த ஆண்டு அது ஹாட் ஃபாக்டரி என்ற பெரிய இடத்துக்கு வழிவிட்டது. நண்பர் வட்டம் நடத்திய முயற்சி என்பதால் அதை வணிகப் பாடமாகக் கொள்ள முடியாது என்று சொல்லலாம். லாபத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஆள் வரும் வரை காத்திருக்கும் திறன் குத்தகையின் நீளத்தைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொடக்கக் காலச் சான்று இல்லை.

எதிர்ப்பக்கச் சான்று அதற்கு முன்பே இருந்தது. 1989இல் பிரஸ்ஸல்ஸில் மார்க் டிக்சன் தொடங்கிய ரீகஸ், நீண்ட குத்தகையில் எடுத்த அலுவலகங்களைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட்டு வேகமாக வளர்ந்தது. இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்ததும் வாடிக்கையாளர் வெளியேறினர். கட்டட வாடகை அப்படியே நின்றது. 2003 ஜனவரியில் அதன் அமெரிக்கக் கிளை திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தை நாடி, குத்தகைகளைத் திருத்தி எழுதிக்கொண்ட பிறகே மீண்டது. 2010இல் நியூயார்க்கில் தொடங்கிய வீவொர்க் அதே வழியில் பல மடங்கு பெரிதாகப் போனது. 2019 ஆகஸ்டில் அது வெளியிட்ட பங்கு வெளியீட்டு ஆவணத்தில் இரண்டு எண்கள் இருந்தன: வருங்காலக் குத்தகைக் கடப்பாடு 4,720 கோடி டாலர், உறுப்பினர்கள் ஒப்பந்தப்படி தர வேண்டிய தொகை சுமார் 400 கோடி டாலர். பெருந்தொற்றுக்கு முன்பே அந்த நிறுவனத்தின் நிலையை இவ்விரண்டு எண்களும் சொல்லிவிட்டன. 2023 நவம்பரில் அதுவும் திவால் பாதுகாப்பு கோரியது.

இந்த இடைவெளி ஒரு சிறு திட்டத்துக்குள் எப்படிப் புகுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். 5,000 சதுர அடி, 100 இருக்கை. சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம் மாத வாடகை 3 லட்சம். மின்சாரம், இணையம், ஆட்கள், துப்புரவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 2 லட்சம். உள்ளலங்காரத்துக்குச் செலவான 75 லட்சத்தை ஐந்து ஆண்டில் மீட்பதானால் மாதம் இன்னும் 1.25 லட்சம். தள்ளுபடிகள் போக ஓர் இருக்கைக்குக் கையில் வருவது சராசரி 7,500 ரூபாய் என்றால், நடைமுறைச் செலவை ஈடுகட்ட 67 இருக்கை நிரம்ப வேண்டும்; முதலீட்டையும் மீட்க 84. மாதம் நிகரமாக 8 இருக்கை கூடினால், எட்டு மாதத்தில் சேரும் பற்றாக்குறை 18.4 லட்சம், ஒன்பதாம் மாதத்தில் நடைமுறைச் செலவு அடைபடும். அதே இடம் மாதம் 5 இருக்கை வீதம் நிரம்பினால் பதின்மூன்று மாதம் இழுக்கும். பற்றாக்குறை 30 லட்சத்தைத் தாண்டும். குத்தகை முன்பணம் இந்தக் கணக்கில் இல்லை. தொடக்க நிதி போதுமா என்று சோதிப்பவர் முதலில் இந்த மெதுவான பாதையைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளலங்கார வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை விலக்குக் கேட்பதும், நடத்துநர் விலக முடியாத லாக்-இன் காலத்தைக் குறைக்கப் பேரம் பேசுவதும் இதனால்தான் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைப்பதைவிட முக்கியம்.

நிரம்பாத இடத்தைக் கண்டதும் விலையைக் குறைப்பது இயல்பான தூண்டுதல். கணக்கு அதை ஆதரிக்கவில்லை. 7,500ஐ 6,000 ஆக்கினால் நடைமுறைச் செலவுக்கே 84 இருக்கை தேவை. முதலீட்டையும் மீட்க 105 இருக்கை வேண்டும். இருப்பதோ நூறு. காலி இருக்கையில் வருவது எதுவானாலும் லாபம்தானே என்பது இதற்கு எதிரான வாதம். ஒரு நாள் டே பாஸுக்கும் மாலை நேரக் கூட்ட அறைக்கும் அது பொருந்தும். மாத இருக்கைக்குப் பொருந்தாது. குறைத்த விலை பக்கத்து மேசைக்காரருக்கும் தெரிந்துவிடும், புதுப்பிக்கும்போது எல்லோரும் அதையே கேட்பார்கள். முதல் இருபது பேருக்கு மட்டும், தேதி குறித்து முடிகிற சலுகையாகத் தருவதே பாதுகாப்பானது. பட்டியல் விலையைவிட, தள்ளுபடி போக ஓர் இருக்கைக்கு வரும் வரவு மாதந்தோறும் இறங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். நிரம்பல் விகிதம் ஏறியும் மொத்த வரவு அசையாதிருந்தால் கோளாறு அங்கேதான்.

சமூக நிகழ்ச்சிகளைப் பலர் விளம்பரச் செலவில் எழுதுகிறார்கள். அவற்றை விலகல் விகிதத்தோடு வைத்தே அளக்க வேண்டும் என்பது என் வாதம். மாதம் 8 பேர் புதிதாகச் சேர்ந்து, இருப்பவர்களில் பத்தில் ஒருவர் விலகினால், அந்த இடம் 80 இருக்கைக்கு மேல் ஏறாது. அந்த அளவில் வருபவரும் போகிறவரும் சமமாகிவிடுவார்கள். விலகல் எட்டு சதவீதமானால் அந்த உச்சவரம்பு நூறாகிறது. 84 தேவைப்படும் இடத்தில் இந்த இரண்டு சதவீதமே வாழ்வும் வீழ்வும். ஆகவே வெளியாட்கள் நிறைந்த பெரிய மாலை விழாவைவிட, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வேலை கொடுத்து வாங்க வழிசெய்யும் வாராந்திர மதிய உணவு மேலானது. நிகழ்ச்சிக்கு வருபவர், வராதவர் என இரு குழுவாகப் பிரித்து ஆறு மாத விலகலை ஒப்பிட்டால் ஓரளவு பலன் தெரியும். ஓரளவுதான், தங்க நினைப்பவரே நிகழ்ச்சிக்கும் வருகிறார் என்ற ஐயம் நியாயமானது. அடுத்த ஆறு மாதம் ஒரு தளத்தில் மட்டும் நிகழ்ச்சியைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஐயம் குறையும்.

பெருநிறுவனங்களை உறுப்பினராக்கினால் இடைவெளி அடைபடும் என்பது வலுவான மறுப்பு. அவை ஈராண்டு, மூவாண்டு ஒப்பந்தம் போடுவதும் உண்டு. ஆனால் 2019இல் வீவொர்க்கின் உறுப்பினரில் 40 சதவீதம் பெருநிறுவனங்களே, அது போதவில்லை. தவிர, நூறில் நாற்பது இருக்கையை ஒரே நிறுவனம் பிடித்திருந்தால், அது புறப்படும் நாளில் நடத்துநர் மறுபடி பற்றாக்குறைக்கே போகிறார். இதைவிட உறுதியான விடை குத்தகையின் வடிவத்தை மாற்றுவதில் கிடைத்தது. ரீகஸின் இன்றைய தாய் நிறுவனமான ஐடபிள்யூஜி இப்போது கட்டட உரிமையாளரோடு நிர்வாக ஒப்பந்தம் செய்து வருவாயைப் பகிர்கிறது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய ஆஃபிஸ் என்ற நிறுவனமும் உரிமையாளரை முதலீட்டில் பங்காளியாக்கும் முறையைப் பரவலாகக் கையாண்டது. நல்ல ஆண்டுகளில் இம்முறையில் நடத்துநருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. உரிமையாளரும் எளிதில் இசைவதில்லை; சந்தையில் முழு வாடகை தரத் தயாரானவர் இருக்கும்போது அவர் ஏன் பங்குக்கு வர வேண்டும்? காலியாகக் கிடக்கும் தளங்கள் மிகுந்த பகுதிகளில்தான் இந்தப் பேரம் படிகிறது. மற்ற இடங்களில் குறைந்தபட்ச வாடகையும் அதற்கு மேல் வருவாய்ப் பங்கும் கலந்த ஒப்பந்தமே நடைமுறையில் எட்டக்கூடியது; அந்தக் குறைந்தபட்சத் தொகையை மெதுவான பாதையில் கிடைக்கும் வரவுக்குள் அடக்குவதுதான் நடத்துநரின் வேலை.