நின்றவர் மட்டும் பதிந்தார்
1838-ல் பாரிஸில் டாகுவேர் ஜன்னல் வழியா ஒரு தெருவைப் படம் புடிச்சார். நடமாட்டமுள்ள தெரு; ஆனா ஷூ பாலிஷுக்காக நின்ன ஒருத்தர்தான் பளிச்சுனு தெரியறார். படம் பதிய சில நிமிஷம் ஆனதால் நடந்தவங்க பதியவே இல்லை.

போன மாசம் அமராவதி நகரில் ஒரு பனியன் கம்பெனி வாசலை ட்ரைபாட் ஆடாமல் எடுத்தப்போ இது ஞாபகம் வந்துச்சு. குறுக்கே வந்த சைக்கிள்காரர் போனதும் பத்து விநாடி காலித் தெருவை எடுத்துக்கிட்டேன். அதுதான் க்ளீன் ப்ளேட். அதிலிருந்து ஒரு துண்டை அவர் மேலேயும் நிழல் மேலேயும் ஒட்டினேன், ஆள் காலி!

கரண்ட் கம்பம்தான் நகராதே? ஒரே ஒரு ஃப்ரேமில் பக்கத்துச் சுவரை நகலெடுத்துக் கம்பத்தை மூடி, அதையே எல்லா ஃப்ரேம் மேலேயும் வெச்சேன். நடுவுல மேகம் மறைச்ச இடத்தில் மட்டும் ஒட்டு திட்டாத் தெரிஞ்சுது. வெளிச்சத்தைக் குறைச்சுச் சரிக்கட்டினேன்.

டாகுவேர் எடுத்திருந்தாலும் கம்பம் தப்பிச்சிருக்கும்.