சித்தப்பாவின் சீசன் கடை

மே மாதம் பதினைந்து தேதி தாண்டிவிட்டால் கோவில்பட்டியில் சித்தப்பா இரண்டு பெஞ்சுப் பலகையும் ஒரு தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும், திறந்த பிறகு ஒரு வாரமும், ரோட்டோரத்தில் நோட்டுக் கடை. சிவகாசி பக்கத்தில் என்பதால் சரக்குக்குக் கவலையில்லை. மொத்த வியாபாரி கடனுக்கே கொடுப்பார், ஜூன் கடைசியில் பணம் கட்ட வேண்டும். ஆனால் பிரித்த கட்டைத் திரும்ப எடுக்க மாட்டார். இந்த வியாபாரத்தின் ஆபத்து முழுவதும் அதில்தான் இருந்தது.

வியாபாரம் இரண்டு அலையாக வரும். திறப்பதற்கு முன்னால் வருகிறவர்கள் பை, அலுமினியப் பெட்டி, ஜாமென்ட்ரி பாக்ஸ், பிரவுன் ஷீட் வாங்குவார்கள். நோட்டில் கை வைக்க மாட்டார்கள். எந்தப் பாடத்துக்குக் கோடு போட்டது, எதற்குக் கோடு போடாதது, எத்தனை பக்கம் என்பதை வாத்தியார் முதல் நாள் சொன்ன பிறகுதான் தெரியும். அன்று சாயந்திரம் கடையில் நிற்க இடமிருக்காது. அதனால் சித்தப்பா எல்லா ரகத்திலும் கொஞ்சம் வாங்கிவைத்து, முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிப்போய், தீர்ந்த ரகத்தை மட்டும் எடுத்து வருவார்.

1984-ல் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். ஊரில் புதிதாக ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி வந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுதப் பழக நாலு கோட்டு நோட்டு கட்டாயம் வேண்டுமே என்று கணக்குப் போட்டு, சித்தப்பாவை நச்சரித்து முப்பது டஜன் எடுக்க வைத்தேன். ஒன்று எழுபது பைசா.

பள்ளி திறந்தது. சாயந்திரம் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கடையைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. பள்ளியின் பெயர் அச்சடித்த நோட்டுகளை ஆபீசிலேயே செட்டாகக் கட்டி, ஃபீஸோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்களாம். போட்டிக் கடை எதிர்ப்பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

முப்பதில் நாலு டஜன்தான் போனது. மீதி 312 நோட்டு, 218 ரூபாய் முடக்கம். அந்த சீசனில் மொத்த லாபமே முன்னூறு சொச்சம். சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதற்கப்புறமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நம்பிப் பல வருஷம் கடை போட்டார். 2012-13-ல் அரசே இலவசமாகப் பை கொடுக்க ஆரம்பித்ததும் பலகையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.

அந்த நோட்டுகளை மறு வருஷம் விற்கப் பார்த்தோம். மழைக்காலத்து ஈரத்தில் ஓரம் பழுத்துப் போயிருந்தது, பாதி விலைக்கும் ஆளில்லை. சித்தியின் பால் கணக்கு, சலவைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் பிறகு நாலைந்து வருஷத்துக்கு நாலு கோட்டு நோட்டில்தான்.