நிற்க முடியாதவர்களுக்குத் தையல் ஒத்துவருமா?

நின்றபடி சமோசா பொரித்து விற்கும் சகோதரிகள் சிலர், வலி வந்ததும் தையலுக்கு மாறுகிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று நினைக்கிறோம். ஆனால் மிதி மெஷினில் முழங்கால் ஓயாமல் அசையும். மோட்டார் பொருத்தினால் அந்தச் சுமை குறையும்.

முதுகு வலிக்கு மோட்டார் மட்டும் போதாது; குனிந்தே தைப்பதுதான் அங்கே சிக்கல். அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வலி கூடி, எழுந்து நடந்தால் குறைகிறதா? அப்படியானால் தையல் வேண்டாம். கால் மரத்துப்போனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சமோசாவையே விட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. தரையில் சம்மணமிடாமல், மேசையில் வைத்து மடித்து, பொரிக்காமலே டீக்கடைகளுக்குக் கொடுக்கலாம். விலை குறையும், அடுப்படியில் நிற்கும் நேரமும் எண்ணெய்ச் செலவும் மிச்சம். இடையிடையே எழுந்து நடக்கவும் முடியும்.