யார் கணக்குல எழுதுறது? ஒரு பில்லின் அறுபது வருடக் கதை

இன்றைக்கு ஒரு பில்லைப் பத்திப் பேசலாம். மாசா மாசம் ஒரே ஒரு பில் வரும். அதை நாலு டீம் சேர்ந்து கட்டணும். யார் எவ்வளவு? கேள்வி இவ்வளவுதான். ஆனா இதுக்கு நான் கொடுத்த தப்பான பதிலால ரெண்டு பேரோட வேலை போச்சு. அதனால என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு நிறுவனத்துல பிளாட்ஃபார்ம் டீம்ல இருந்தேன். எல்லா டீமுக்கும் சேர்த்து கிளவுட் பில் மாசம் 21 லட்சம் ரூபாய். அதுல பேமென்ட்ஸ் டீமோட சர்வர்கள் 6 லட்சம், ஆப் டீமோடது 4, டேட்டா டீமோடது 2. இந்த 12 லட்சத்துல குழப்பமே இல்ல. அதுக்கப்புறம் மூணு டீமும் சேர்ந்து பயன்படுத்துற குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் 6 லட்சம். மிச்சம் 3 லட்சம் யாருடையதுன்னே தெரியாது. யாரோ எப்பவோ ஓட்டிவிட்டு, பேர் எழுதாம போன மெஷின்கள்.

"இந்த மாசத்துல இருந்து அவங்கவங்க பட்ஜெட்ல கழிச்சிடுங்க"ன்னு நிதித்துறை சொன்னாங்க. நான் என்ன செஞ்சேன்? பொதுவா இருந்த 9 லட்சத்தை மூணால வகுத்தேன். ஆளுக்கு 3. டேட்டா டீமோட 2 லட்சம் 5 லட்சமா மாறிடுச்சு. நாலு மாசம் இப்படியே போனது. அந்தச் சின்ன டீமோட பட்ஜெட் தீர்ந்துபோய், அங்கே இருந்த ரெண்டு கான்ட்ராக்ட் பசங்களைப் புதுப்பிக்கல. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன்: இந்தக் கணக்கை இதுக்கு முன்னாடி யாராவது போட்டிருப்பாங்களா?

போட்டிருக்காங்க. அறுபது வருஷமா.

1960-களுக்குப் போவோம். ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். 1964-ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360 மாதிரியான மெயின்ஃபிரேம். சம்பளப் பட்டியலும் அதுலதான், சரக்குக் கணக்கும் அதுலதான். ஒவ்வொரு வேலையையும் அட்டைகள்ல துளையிட்டுக் கொடுக்கணும். முதல் அட்டை இப்படி இருக்கும்:

```
//PAYROLL  JOB  (A123),'SALES',CLASS=A
```

அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற A123-ஐப் பாருங்க. அதுதான் கணக்கு எண். இந்த வேலைக்கான செலவை எந்தத் துறை தலையில எழுதணும்னு வேலை ஓடுறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும். கணக்கு எண் கட்டாயம்னு அந்த நிறுவனம் அமைச்சிருந்தா, எண் இல்லாத வேலை ஓடவே ஓடாது. இன்னைக்கு நாம கிளவுட்ல ஒட்டுற டேக் இதோட பேரன்தான். ஒரே வித்தியாசம், நாம அதை முதல்ல ஓட்டிவிட்டு அப்புறமா ஒட்டிக்கலாம்னு விட்டுடுறோம். டேக் ஒட்டுறதுக்கு முன்னாடி ஆன செலவுக்குப் பின்னாடி போய் ஒட்ட முடியாது. என்னோட 3 லட்சம் அப்படித்தான் அநாதையா நின்னது.

சரி, எண் இருக்கு. விலை எப்படி வைக்கிறது? பலர் செஞ்சது எளிமையான வகுத்தல். மாசச் செலவை மொத்தப் பயன்பாட்டு நேரத்தால வகு. உதாரணத்துக்கு, மெஷினுக்கு மாசம் 1 லட்சம் டாலர், எல்லாத் துறையும் சேர்ந்து 1,000 மணி நேரம் ஓட்டுறாங்கன்னு வைப்போம். மணிக்கு 100 டாலர். நியாயமாத்தானே இருக்கு?

இப்போ 400 மணி நேரம் ஓட்டுற ஒரு துறை, "இது கட்டுப்படியாகல"ன்னு சொல்லித் தனியா ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கிக்கிட்டு வெளியே போகுது. 1970-கள்ல அதெல்லாம் சாத்தியமாயிடுச்சு. ஆனா மெயின்ஃபிரேமோட வாடகை குறையல. அதே 1 லட்சத்தை இப்போ 600 மணியால வகுக்கணும். மணிக்கு 167 டாலர். மிச்சத் துறைகள் எதுவுமே மாத்தல, ஆனா விலை ஏறிடுச்சு. அடுத்து இன்னொரு துறை கிளம்பும். விலை இன்னும் ஏறும். ஒவ்வொருத்தரும் தன் பட்ஜெட்டுக்குச் சரியான முடிவைத்தான் எடுத்தாங்க. ஆனா நிறுவனம் மெயின்ஃபிரேமுக்கும் கட்டுது, மினி கம்ப்யூட்டருக்கும் கட்டுது. பில்லைப் பிரிக்கிற முறையே மொத்தப் பில்லை ஏத்திடுச்சு.

அதே காலத்துல ஹார்வர்ட்ல ஒருத்தர் வேற மாதிரி யோசிச்சார். ஐவன் சதர்லேண்ட். கணினி வரைகலைக்கு ஆரம்பப் புள்ளியான ஸ்கெட்ச்பேடை எழுதினவர். அங்கே பிடிபி-1-ன்னு ஒரு கம்ப்யூட்டர். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உட்காரலாம். மாசத்துக்கு இவ்வளவு மணின்னு ஒதுக்கினா, மாசத் தொடக்கத்துல ஒரு மாதிரி, கடைசியில ஒரு மாதிரின்னு பயன்பாடு ஏறி இறங்கும். அதனால அவர் ஏலம் வச்சார். ஒவ்வொருத்தருக்கும் அவங்க வேலையோட முக்கியத்துவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் 'யென்' கொடுத்தார். ஜப்பான் பணம் இல்ல, அந்த லேபுக்குள்ள மட்டும் செல்லுற விளையாட்டுப் பணம். எல்லாரும் கேட்கிற நேரத்துக்கு நிறைய யென் வைக்கணும், யாரும் கேட்காத நேரம் மலிவு. நீங்க ஒரு நேரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற வரைக்கும் உங்க யென் அதுல முடங்கி இருக்கும். முடிஞ்சதும் திரும்பி வரும். 1968 ஜூன்ல இதைக் கட்டுரையா வெளியிட்டார்.

இதுல எனக்குப் பொறி தட்டின இடம் ஒண்ணு. அவர் முறையில விலை, நீங்க ஓட்டினதுக்கு மட்டும் இல்ல, பிடிச்சு வச்சதுக்கு. நீங்க பிடிச்சு வச்ச நேரத்துல இன்னொருத்தர் உட்கார முடியாது, இல்லையா?

இப்போ நம்ம கிளஸ்டருக்கு வாங்க. குபெர்னெட்டிஸ்ல ஒவ்வொரு டீமும் "எனக்கு இத்தனை கோர் வேணும்"னு ரிக்வெஸ்ட் எழுதி வைக்கும். எழுதிட்டா, பயன்படுத்தினாலும் இல்லாட்டியும் அந்த இடம் அவங்களுக்கு ஒதுக்கப்பட்டதுதான். எங்க கிளஸ்டர்ல 100 கோர். பேமென்ட்ஸ் 30 கேட்டு 30-ஐயும் ஓட்டினாங்க. டேட்டா 10 கேட்டு 10-ஐயும் ஓட்டினாங்க. ஆப் டீம் 60 கேட்டு, 20 மட்டும் ஓட்டினாங்க. ஓட்டினதை வச்சுப் பிரிச்சா, 6 லட்சத்துல பேமென்ட்ஸ் 3, ஆப் 2, டேட்டா 1. கேட்டதை வச்சுப் பிரிச்சா பேமென்ட்ஸ் 1.8, ஆப் 3.6, டேட்டா 0.6. ஓட்டினதை வச்சுப் பிரிச்சா, ஆப் டீம் சும்மா வச்சிருந்த 40 கோருக்கு மத்த ரெண்டு டீமும் சேர்ந்து கட்டுறாங்கன்னு அர்த்தம்.

அதாவது டேட்டா டீமோட நியாயமான பங்கு 2.6 லட்சம். நான் வாங்கினது 5.

முறையை மாத்தினோம். முதல் விஷயம், பணத்தைக் கழிக்கிறதை நிறுத்தினோம். மூணு மாசம் வெறும் ஷோபேக். அதாவது உங்க பங்கு இதுன்னு காட்டுவோம், பட்ஜெட்ல கை வைக்க மாட்டோம். பணத்தை உண்மையாவே கழிச்சா அதுக்குப் பேர் சார்ஜ்பேக். ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான், ஆனா கணக்குல தப்பு இருந்தா யாருக்கு வலிக்கும்ங்கிறது வேற. ஷோபேக்ல தப்பு இருந்தா, "இந்த டேட்டாபேஸ் எங்களது இல்லைங்க"ன்னு ஒரு மெயில் வரும். சார்ஜ்பேக்ல தப்பு இருந்தா யாரோட கான்ட்ராக்டோ போகும். மெயில் வர்றது நிக்கிற வரைக்கும் பணத்தைத் தொடக் கூடாது.

ரெண்டாவது, அந்தப் பேர் இல்லாத 3 லட்சத்தை யாருக்கும் பிரிச்சுக் கொடுக்கல. எங்க பிளாட்ஃபார்ம் டீம் பேர்லயே வச்சுக்கிட்டோம். எல்லாருக்கும் பிரிச்சா, டேக் ஒட்டாதவருக்கு லாபம், ஒழுங்கா ஒட்டினவருக்குத் தண்டனை. எங்க தலையில இருந்ததால, நாங்களே ஒவ்வொரு மெஷினாத் தேடிப் போனோம். பாதி யாருக்குமே தேவையில்லாதது.

மூணாவதுலதான் மறுபடி மெயின்ஃபிரேம் எட்டிப் பார்த்தது. 3.6 லட்சத்தைப் பார்த்த ஆப் டீம், 60 கோரை 30 ஆக் குறைச்சாங்க. கேட்டது மொத்தம் 70 கோர். ஆனா அந்த மாசம் கிளஸ்டர்ல மெஷின் எதையும் எடுக்கல, பில் அதே 6 லட்சம். அதை 70-ஆல வகுத்தப்போ, பேமென்ட்ஸோட 1.8 லட்சம் 2.57 லட்சம் ஆயிடுச்சு. பேமென்ட்ஸ் லீட் நேரா வந்து கேட்டார்: "நாங்க ஒரு வரி கூட மாத்தலையே, எங்க பில் ஏன் ஏறுது?" அந்த 167 டாலர் கதைதான், அப்படியே.

2006-ல அமேசான் மணிக்கணக்குல சர்வர் வாடகைக்கு விட ஆரம்பிச்சப்போ, இந்தப் பிரச்சனை தீர்ந்துடும்னுதான் தோணிருக்கும். ஓட்டினாத்தான் காசு, நிறுத்தினா இல்ல. ஆனா கிளஸ்டர்னு ஒண்ணைப் பொதுவா வச்சதும், தள்ளுபடிக்காக ஒரு வருஷம், மூணு வருஷம்னு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டதும், குறையாத செலவு திரும்ப வந்துடுச்சு. செலவு நிலையா இருக்கிற இடத்துல, மாசா மாசம் பயன்பாட்டால வகுக்கவே கூடாது.

மருந்தும் மெயின்ஃபிரேம் காலத்துதுதான். விலையை வருஷத் தொடக்கத்துலயே நிர்ணயம் பண்ணிடணும், மொத்தக் கொள்ளளவை வச்சு. எங்களுக்கு 6 லட்சம், 100 கோர். கோருக்கு 6,000 ரூபாய். ஆப் டீம் 30 கோரை விட்டா, அவங்களுக்கு 1.8 லட்சம் மிச்சம். பேமென்ட்ஸ் அதே 1.8 லட்சத்துல நிக்கும். காலியா நிக்கிற 30 கோரோட 1.8 லட்சம் பிளாட்ஃபார்ம் டீம் கணக்குல விழும். அது நியாயம்தான், ஏன்னா அந்த மெஷினை எடுக்கிற அதிகாரம் எங்ககிட்டதான் இருக்கு. ஒரு செலவை யாரால குறைக்க முடியுமோ, அவங்க பேர்ல எழுதணும். ஆப் டீமால ரிக்வெஸ்டைக் குறைக்க முடியும். மெஷினைக் கழட்ட முடியாது.

அடுத்த மாசம் நாங்க மெஷின்களைக் கழட்டினோம். கிளஸ்டர் 4.2 லட்சத்துக்கு வந்தது. அப்போதான் நிறுவனத்துக்கு முதல் முறையா உண்மையாவே காசு மிச்சம். அதுவரைக்கும் நடந்தது எல்லாம் பணத்தை இந்தப் பாக்கெட்ல இருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாத்தினதுதான்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஷீட் ஓடிட்டிருக்கும். இதுதான் நான் சொல்லக்கூடிய சோதனை: நீங்க எதுவும் மாத்தாத ஒரு மாசத்துல உங்க பங்கு மாறியிருக்கா? மாறியிருந்தா, வேற யாரோட முடிவுக்கோ நீங்க கட்டிட்டிருக்கீங்க. போய் அந்த வகுத்தலைக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

டேட்டா டீமுக்கு நாலு மாசத்துல கூடுதலா எடுத்தது 9.6 லட்சம். அதைத் திருப்பி எழுதினோம். ஆனா அந்த ரெண்டு பசங்களும் அதுக்குள்ள வேற இடம் போயிட்டாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.