கிராபிக்ஸ் காட்டுக்குப் போட்ட பூட்டுகள்: மெய்நிகர்க் கணினிக்குள் விளையாடிய கதை

லினக்ஸ் பாவிக்கிற ஒருவருக்கு, விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஒரு விளையாட்டு வேண்டும். வைன் மென்பொருளும் கைவிட்டால் கணினியை நிறுத்தி மறுபடி விண்டோஸில் தொடங்குவதுதான் வழக்கமான வழி. லினக்ஸுக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் மெய்நிகர்க் கணினிகள் அப்போதும் இருந்தன. ஆனால் அவற்றுக்குள் இருந்தது பாவனைக் கிராபிக்ஸ் காட். அதில் கட்டுரை எழுதலாம், பெரிய முப்பரிமாண விளையாட்டு ஓடாது.

சரி, உண்மையான காட்டையே உள்ளே கொடுத்துவிட்டால்? அந்த யோசனையின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கிறோம். அதில் பொறியியல் வைத்த தடைகளை விட விற்பனைக்காக வைத்த தடைகளே எங்களை யோசிக்க வைத்தன.

முதலில் பொறியியல் தடை. கிராபிக்ஸ் காட் பிராசஸரைக் கேட்காமல் தானாகவே ராமில் எழுதும். மெய்நிகர்க் கணினிக்குள் இருக்கிற விண்டோஸோ, தன் ராம் பூச்சிய முகவரியில் தொடங்குவதாக நம்புகிறது. உண்மையில் அது லினக்ஸின் ராமில் எங்கேயோ நடுவில் கிடக்கும். விண்டோஸ் சொன்ன முகவரியில் காட் அப்படியே எழுதினால் லினக்ஸ் குழம்பிப் போகும். ஆகவே இடையில் நின்று முகவரியை மாற்றிக் கொடுக்க ஒரு வன்பொருள் தேவை. பயோஸ் திரையில் இன்டெல் இதை `VT-d` என்று காட்டும், ஏ.எம்.டி பெரும்பாலும் `IOMMU` என்று காட்டும். 2012இல் லினக்ஸ் 3.6 பதிப்போடு `vfio` வந்தது. அதன் பிறகு, இந்த வன்பொருளை நம்பி ஒரு காட்டைப் பாதுகாப்பாக உள்ளே ஒப்படைக்க முடிந்தது.

இங்கேதான் முதலாவது பூட்டு. 2013இல் இன்டெல் கோர் ஐ7-4770, 4770கே என்று இரண்டு பிராசஸர்களை வெளியிட்டது. விளையாட்டுப் பிரியர்கள் தேடியது 4770கே. விலை கூட, வேகத்தை இன்னும் கூட்டலாம். ஆனால் `VT-d` இருந்தது மலிவான 4770இல் மட்டும். கூடக் காசு கொடுத்தவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. முந்தைய 2600கே, 3770கே ஆகியவற்றிலும் இதே கதைதான். 2014இல் வந்த 4790கே இந்த வழக்கத்தை முடித்தது.

இரண்டாவது பூட்டு என்விடியாவுடையது. எல்லாம் சரியாகச் செய்து விண்டோஸைத் தொடங்கினாலும் ஜீஃபோர்ஸ் காட் வேலை செய்யாது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறியும் `Code 43` என்ற வரியும் மட்டும் இருக்கும். காட் பழுதாகவில்லை. தான் மெய்நிகர்க் கணினிக்குள் இருப்பதை டிரைவர் கண்டுபிடித்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். விலை கூடிய குவாட்ரோ வகைகளில் சிலவற்றுக்கு இதே வேலை அனுமதிக்கப்பட்டிருந்தது. பாவனையாளர்கள் என்ன செய்தார்கள்? மெய்நிகர்க் கணினியின் அடையாளத்தை ஒளித்தார்கள்:

```
<kvm>
  <hidden state='on'/>
</kvm>
```

இந்த ஒளித்து விளையாட்டு பல வருடம் நீண்டது. 2021 மார்ச்சில், 465 வரிசை டிரைவரோடு, என்விடியாவே ஜீஃபோர்ஸுக்கு அனுமதி கொடுத்தது. காட் அதே காட், மாறினது டிரைவர் மட்டும்.

இன்றைக்கு ஒருவர் இதைச் செய்ய என்ன வேண்டும்? அந்த வசதியுள்ள பிராசஸர் முதலாவது. அடுத்தது இரண்டு கிராபிக்ஸ்: பிராசஸருக்குள் இருப்பது லினக்ஸுக்கு, தனிக் காட் விண்டோஸுக்கு. மொனிட்டருக்கு இரண்டிலிருந்தும் கேபிள் போக வேண்டும். ராம் இரண்டு இயங்குதளங்களுக்கும் பங்கு பிரிவதால் 16 ஜிபி இருந்தால்தான் மூச்சு விடலாம்.

கனபேர் சறுக்குவது மதர்போர்டில். அது கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறது, ஒரு குழுவைப் பிரித்துக் கொடுக்க முடியாது. வாங்கிய போர்டு எப்படி என்று பார்க்க:

```
find /sys/kernel/iommu_groups/ -type l
```

காட்டும் அதன் ஒலிக் கருவியும் ஒரே குழுவில் இருந்தால் நல்லது, இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். லினக்ஸ் இருக்கிற டிஸ்க்கின் கட்டுப்படுத்தியும் அதே குழுவில் இருந்தால் சிக்கல். காட்டை வேறு சொக்கட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது போர்டையே மாற்ற வேண்டும்.

இதற்கிடையில் 2018இல் ஸ்டீம் புரோட்டனைக் கொண்டுவந்தது. நிறைய விண்டோஸ் விளையாட்டுகள் மெய்நிகர்க் கணினி இல்லாமலே லினக்ஸில் ஓடத் தொடங்கின. மிஞ்சினவற்றில் வலோரண்ட் போன்றவை ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் நிற்கின்றன. அதே மென்பொருள் மெய்நிகர்க் கணினியையும் அடையாளம் கண்டு மறுத்துவிடுகிறது. பிராசஸரின் பூட்டும் டிரைவரின் பூட்டும் திறந்தாயிற்று. மூன்றாவது பூட்டு இப்போது விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.